ஸ்கேன் செய்த தரவரிசைப் பட்டியல்: சமமான இடங்களும் விடுபட்ட எண்களும் மாறாமல் எக்செலில் கொண்டுவருவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஸ்கேன் செய்த ஒரு மெரிட் லிஸ்ட்டை ஓசிஆர் மூலம் எக்செலுக்கு மாற்றுகிறேன். எழுத்துகள் ஓரளவு சரியாகவே வருகின்றன; சிக்கல் ரேங்க் பத்தியில்தான்.

ஒரு பக்கத்தில் 42ஆம் இடத்தில் இருவர். அச்சில் முதல் வரியில் மட்டும் 42 இருக்கிறது, அடுத்த வரியில் காலி, அதற்கடுத்து 44. இது சரிதான். ஆனால் ஓசிஆர் ஓர் எண்ணைப் படிக்காமல் விட்டாலும் அதே மாதிரி காலியாகத்தான் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு மேலுள்ள எண்ணை இழுத்து நிரப்பினால், 44 வாங்கியவரும் 42 ஆகிவிடுவார்.

மதிப்பெண்ணை வைத்து `RANK.EQ` போடலாமே என்பீர்கள். ஒரே மதிப்பெண் எடுத்தவர்களைப் பிறந்த தேதி பார்த்து 44, 45 என்று பிரித்திருக்கிறார்கள். தேதியும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே ரேங்க். அந்தத் தேதி பட்டியலில் இல்லை. எனவே அச்சிட்ட எண்ணே எனக்கு ஆதாரம்.

இப்போதைக்கு அச்சில் உள்ளதை A பத்தியில் அப்படியே விட்டு, நிரப்பிய எண்ணை B-யில் வைத்து, C3-இல் இதைப் போட்டிருக்கிறேன்:

```
=IF(OR(B3=B2,B3=B2+COUNTIF(B$2:B2,B2)),"","பார்")
```

அதாவது 42 இருமுறை வந்தால் அடுத்தது 44. 45 வந்தால் ஒரு வரி தொலைந்திருக்கிறது. ஆனால் 44-ஐ 42 என்று நிரப்பிவிட்டு அடுத்து 45 வந்தால், கணக்கு ஒத்துப்போய் பிழை மறைந்துவிடுகிறது! மதிப்பெண் மாறும் இடத்தில் காலிக் கட்டத்தை நிரப்பாமல் நிறுத்த வழி உண்டா? 46க்கு அடுத்த வரியிலேயே 48 வருகிற, அதாவது யாரோ நீக்கப்பட்ட இடங்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?