ஆழ்துளைக் கிணற்று நீர் ஆய்வறிக்கையில் எந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

பென்னாகரத்தான்: வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் உள்ள எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்த அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துள்ளேன். படம் மங்கலாக இருப்பதால் எண்களைத் தட்டச்சு செய்கிறேன். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

```
TDS             1140
Total Hardness  420
Fluoride        1.8
Nitrate (as N)  14
```

நைட்ரேட்டைத் தவிர மற்ற மூன்றையும் ஆய்வகம் சிவப்பில் குறித்துள்ளது. வீட்டில் நான்கு மாதக் குழந்தைக்கு இந்த நீரைக் கொதிக்க வைத்துத்தான் பால்மாவு கரைக்கிறோம்.

குழாய்க்காரர்: டிடிஎஸ் 500ஐத் தாண்டிவிட்டதால் ஆர்ஓ பொருத்துங்கள். அதுவரை கொதிக்க வைத்துக் குடித்தால் போதும்.

மேட்டுத்தெரு: எங்கள் வீட்டில் கடினத்தன்மை 600க்கு மேல் இருந்தது. சாஃப்ட்னர் வைத்த பிறகு குழாயில் உப்புப் படிவதே இல்லை. நீங்களும் அதையே வைக்கலாம்.

நீராய்வாளர்: சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மாற்றுமே தவிர ஃப்ளூரைடைத் தொடாது. ஆர்ஓ என்ற பரிந்துரை சரிதான், ஆனால் அதற்குக் காரணம் டிடிஎஸ் அல்ல. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் டிடிஎஸ்ஸுக்கு ஏற்கத்தக்க அளவு 500, மாற்று நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மைக்கு அவ்வாறே 200, 600. இவ்விரண்டும் பெரும்பாலும் சுவையையும் பாத்திரத்தில் படியும் உப்பையும் பற்றியவை.

ஃப்ளூரைடுக்கு 1.0, மாற்று இல்லாதபோது 1.5. உங்கள் 1.8 இரண்டையும் மீறுகிறது. பல் உருவாகும் வயதில் இதைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும்.

கறுப்பில் விடப்பட்ட நைட்ரேட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தரத்தின் 45 என்ற எல்லை நைட்ரேட் அயனிக்கு உரியது. உங்கள் அறிக்கையோ `as N` என்று நைட்ரஜனாகக் கணக்கிட்டிருக்கிறது. 14ஐ 4.43ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 62 வருகிறது. இதற்குத் தரத்தில் தளர்வே கிடையாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட, பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இது குறைக்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நீர் ஆவியாகி நைட்ரேட்டும் ஃப்ளூரைடும் சற்றுக் கூடவே செய்யும். ஆகவே இன்றே பால்மாவுக்கு வேறு நீருக்கு மாறுங்கள். உதடோ நகமோ நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பென்னாகரத்தான்: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு வருகிறது, அதைப் பயன்படுத்தலாமா?

நீராய்வாளர்: ஆற்று நீர் என்பதால் அதுவே நல்ல தேர்வு, குழந்தைக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய பின் பயன்படுத்துங்கள். மாற்று நீர் கிடைப்பதால் மேல் எல்லைகள் உங்களுக்குப் பொருந்தாது, ஏற்கத்தக்க அளவையே பாருங்கள். ஆனால் கிணற்று அறிக்கையில், மலக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கான வரியே இல்லை. 100 மில்லிலிட்டரில் அது அறவே இருக்கக் கூடாது. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியில் நீரெடுத்துக் குளிரில் வைத்து அன்றே கொடுங்கள். கழிவுத்தொட்டி கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?

பென்னாகரத்தான்: முப்பது அடி இருக்கும். ஆனால் பக்கத்து வயலில் யூரியாவும் போடுகிறார்கள்.

நீராய்வாளர்: இரண்டில் எது காரணம் என்று இந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஈ.கோலை இருந்தால் தொட்டியின் மீது சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டாலும் தொட்டியை விலக்கிவிட முடியாது, ஏனெனில் மண்ணில் கிருமி வடிகட்டப்பட்ட பிறகும் நைட்ரேட் கடந்து வரும்.