1.48-இல் ஒரு மேடு, 2.42-இல் ஒரு மேடு: பிடிஎஃப் கிராஃபில் ஏமாற்றியவை (அனுபவப் பகிர்வு)

தூள்பெட்டி

இந்த ஒரு பிடிஎஃப் கிராஃப், அதாவது எந்தெந்தத் தூரத்தில் அணு ஜோடிகள் இருக்கின்றன என்று எக்ஸ்-கதிர் சிதறலிலிருந்து காட்டும் கோடு, இன்னும் நெருடுகிறது, அதனால்தான் திரி. சரக்கு டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள், ஈரவழித் தயாரிப்பு. காப்பர் கதிரில் எடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த நாலைந்து மேடுகள், அவ்வளவுதான். ரீட்வெல்டுக்கு அதில் பிடிமானமே இல்லை. மாலிப்டினத்துக்கு மாற்றி, 140 பாகை வரை, கோணம் கூடக்கூட எண்ணும் நேரத்தையும் கூட்டி ஓட்டியது. சிதறலை G(r) என்ற அந்தக் கோடாக மாற்றும் PDFgetX3-க்குக் கொடுத்தது இது:

```
[DEFAULT]
dataformat = twotheta
wavelength = 0.7107
inputfile = tio2.xy
backgroundfile = empty.xy
bgscale = 1.0
composition = TiO2
qmaxinst = 16.5
qmin = 0.8
qmax = 16.5
rpoly = 0.9
```

G(r)-இல் 1.95 ஆங்ஸ்ட்ராமில் டைட்டானியம்–ஆக்சிஜன் உச்சம் நன்றாக நிற்கிறது. 3.04, 3.79 இரண்டும் டைட்டானியம்–டைட்டானியம், அதாவது அனட்டேஸ். அதில் சண்டை இல்லை. ஆனால் 1.95-க்கு இடப்பக்கம் 1.48-இல் ஒரு குட்டி மேடு, வலப்பக்கம் 2.42-இல் இன்னொன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். `rpoly`-ஐ 1.6-க்கு ஏற்றினால் 1.48 அமுங்குகிறது, ஆனால் கூடவே 1.95-இன் உயரமும் மாறுகிறது. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

கழுவியபிறகும்

வந்திருக்கிறது. கேட்மியம் செலினைடு துகளில், 2.63-க்கு முன்னால் 1.5 பக்கம் ஒரு மேடு. அது துகளுடையதே இல்லை, மேலே ஒட்டியிருந்த ஒலியிக் அமிலத்தின் கார்பன்–கார்பன் தூரம், 1.54. மூன்று தடவை கழுவிய பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது. உங்களுடையதும் அதேதான். 2.42-க்கு மண்டையை உடைக்கவே வேண்டாம், அது ஆக்சிஜன்–ஆக்சிஜன். அனட்டேஸில் பக்கத்து எண்முகிகள் பகிரும் விளிம்பின் நீளம் 2.46 அல்லவா.

ஸைன்அலை

மேலே சொன்னதில் பாதி சரி, பாதி அவசரம். கார்பனாக இருந்தால் 1.54-இல் இருக்க வேண்டும், 1.48-இல் என்ன வேலை? இரண்டு மேடுகளும் 1.95-இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள்: இந்தப் பக்கமும் 0.47, அந்தப் பக்கமும் 0.47. வேதியியல் இவ்வளவு சமச்சீராக வராது. ஃபூரியே மாற்றம்தான் வரும்.

அளவீட்டை 16.5-இல் வெட்டியதும் ஒவ்வொரு உச்சத்தின் இரு பக்கமும் சிற்றலை எழும். முதல் பள்ளம் 4.49/qmax தூரத்தில், முதல் பொய் மேடு 7.73/qmax தூரத்தில். 7.73-ஐ 16.5-ஆல் வகுத்தால் 0.47. கூரான உச்சமென்றால் அந்த மேடு மூல உயரத்தில் 13 சதவீதம் வரை போகும். வெப்ப அதிர்வால் உச்சம் அகலமானால் அதைவிடக் குறையும்.

சோதனை ஐந்து நிமிட வேலை. அதே டேட்டாவை `qmax = 14`-இல் இன்னொரு தடவை மாற்றி, இரண்டு G(r)-ஐயும் ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். சிற்றலை என்றால் 1.48 நகர்ந்து 1.40-க்கும், 2.42 நகர்ந்து 2.50-க்கும் போகும். அணுக்கள் இருக்கும் தூரம் நீங்கள் எங்கே வெட்டினாலும் நகராது. 3.04-உம் 3.79-உம் நின்ற இடத்தில் நிற்கும், கொஞ்சம் அகலமாகும், அவ்வளவே.

`rpoly`-ஐ 0.9-க்கே இறக்குங்கள். எந்தத் தூரத்துக்குக் கீழ் வருவதையெல்லாம் பின்னணி என்று தள்ளலாம் என்பதற்கான எண் அது. 1.6 என்று கொடுத்தால் 1.95-இன் வாலையும் சேர்த்துத் தள்ளிவிடும். மேடு மறைந்தது என்று சந்தோஷப்பட்டால், ஒருங்கிணைவு எண் தப்பாக வந்து நிற்கும்.

மங்கலானகோடு

துகள் அளவைப் பற்றித்தானே பேச்சு? ஷெரரை விட்டுவிட்டு G(r) எங்கே அடங்குகிறதோ அதுதான் துகளின் விட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு சீரியம் ஆக்சைடு மாதிரியில் 30 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் கோடு தட்டையாகிவிட்டது, 3 நானோமீட்டர் என்று எழுதியாயிற்று. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் 5-க்குக் குறையாமல் இருக்கின்றன. எதை நம்புவது?

ஸைன்அலை

கேள்வி அதில்லை. ஆனாலும் 3 நானோமீட்டர் என்று எழுதியதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்த அமைப்பில் நிக்கல் தூளோ வேறு பெரிய படிகத் தூளோ ஓட்டி `Qdamp` எடுத்தீர்களா? கருவியின் பிரிதிறனே G(r)-ஐ தேய்த்துவிடும்: exp(−(r·Qdamp)²/2). `Qdamp` 0.06 என்றால் 30 ஆங்ஸ்ட்ராமில் மிஞ்சுவது 0.20. 5 நானோமீட்டர் உருண்டைத் துகளுக்கு அதே 30-இல் மிஞ்சுவது 1 − 3r/2D + r³/2D³, அதாவது 0.21. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் 0.04, கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் 3 என்று எழுதியிருக்கிறது. நுண்ணோக்கி பொய் சொல்லவில்லை.

முதலில் நிக்கலில் `Qdamp`-ஐப் பொருத்தி, அதைப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் மாதிரியில் துகள் விட்டமான `spdiameter`-ஐத் திறக்க வேண்டும். இரண்டையும் மாதிரியிலேயே திறந்து வைத்தால் ஒன்று ஏற ஒன்று இறங்கி விளையாடும். வளைவின் வடிவத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு: 10 ஆங்ஸ்ட்ராமில் உருண்டை 0.70-க்கு இறங்கியிருக்கும், கருவித் தேய்வு இன்னும் 0.84-இல் நிற்கும். ஆனால் அதை நம்பிப் பிரிக்கும் அளவுக்கு ஆய்வகக் கருவி டேட்டா சுத்தமாக இருப்பது அரிது.

வெறுங்குழாய்

எல்லோரும் கணக்கிலேயே இருக்கிறீர்கள், `bgscale = 1.0` என்று இருப்பதை யாருமே கேட்கவில்லை. ஒரு சிலிக்கா கண்ணாடிக் குழாயில் வந்த டேட்டாவில் 1.6-இல் பள்ளம் இருந்தது. மேடு இல்லை, பள்ளம். கண்ணாடியின் சிலிக்கான்–ஆக்சிஜன் 1.61. பின்னணியை அளவுக்கு மீறிக் கழித்ததில் துகளின் G(r)-இல் குழி விழுந்துவிட்டது. அது நடந்த கதை, இனி சொல்வது உங்கள் குழாய்க்கு.

மாலிப்டினக் கதிருக்கு டைட்டானியம் லேசான சரக்கு இல்லை. 1 மில்லிமீட்டர் குழாயில் நன்றாக இடித்து அடைத்தால் நடுவழியே போகும் கதிரில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். மாதிரி இப்படி விழுங்கும்போது குழாயிலிருந்து வரும் சிதறலையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. வெறுங்குழாயில் அந்த விழுங்கல் கிடையாது. ஆகவே வெறுங்குழாய் டேட்டாவை முழுசாக, 1.0 என்று கழித்தால் இல்லாததையும் சேர்த்துக் கழிக்கிறீர்கள். 0.5 மில்லிமீட்டர் குழாய்க்கு மாறுங்கள். பாலிஇமைடு குழாயானால் இன்னும் நல்லது, ஆனால் அதற்கும் 1.4 பக்கம் கார்பன் தூரம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பிறகு `bgscale`-ஐ 1.0-இலிருந்து 0.05 வீதம் இறக்கிக்கொண்டே 1.6-ஐ மட்டும் கவனியுங்கள். பள்ளம் போய் மேடு எழுவதற்கு முந்திய எண்தான் உங்களுடையது. வெறுங்குழாயையும் மாதிரிக்கு ஓடிய நேரம் குறையாமல் ஓட்டுங்கள். அரை மணி நேரத்தில் முடித்த வெறுங்குழாயைக் கழித்தால் அதன் இரைச்சல் முழுக்க உயர் கோணத்தில் வந்து விழும், F(Q)-வில் அது Q-ஆல் பெருக்கப்பட்டு இன்னும் ஊதும்.

கழுவியபிறகும்

கண்ணாடியோ கார்பனோ, 1.5 பக்கம் ஏதோ இருக்கிறது என்றுதானே சொன்னேன். எல்லாவற்றுக்கும் சிற்றலை என்று ஒரே மருந்து கொடுக்கிறீர்கள்.

தூள்பெட்டி

14-இல் வெட்டிப் போட்டாயிற்று. 1.48 இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை, மேடு 1.40-க்கு வந்துவிட்டது. அதுவும் முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக. ஆனால் 2.42 சொன்ன மாதிரி 2.50-க்குப் போகவில்லை, 2.47-இல் நிற்கிறது. பாதி வழியில் மாட்டிக்கொண்டது போல. `bgscale` 0.85-இல் 1.6 சமமாகிறது. குழாய் கண்ணாடிதான், 1 மில்லிமீட்டர்தான்.

ஸைன்அலை

1.48 முடிந்த வழக்கு. உயரம் கூடியதும் நியாயம்தான், முன்னதாக வெட்டினால் F(Q) இன்னும் பெரிதாக இருக்கும்போதே கத்தி விழுகிறது. F(Q) பூஜ்யத்தைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் அலை கொஞ்சம் அடங்கும்.

2.42-இல் கழுவியபிறகும் அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அங்கே உண்மையான ஆக்சிஜன்–ஆக்சிஜனும் கலந்திருக்கிறது. கணக்கு இப்படி: ஒரு டைட்டானியத்துக்கு 1.95-இல் ஆறு பிணைப்பு, ஒவ்வொன்றின் எடை 22 × 8 = 176. பகிர்ந்த விளிம்பு ஒரு டைட்டானியத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றின் எடை 8 × 8 = 64. தூரத்தாலும் வகுத்தால் 2.46 உச்சம் 1.95-இல் ஏறத்தாழ 10 சதவீதம். சிற்றலையும் அதே அளவு. நகர்வது ஒன்று, நகராதது ஒன்று, இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பாதி வழியில்தான் நிற்கும்.

எனவே கண்ணால் பிரிக்காதீர்கள். PDFgui-யில் அனட்டேஸ் மாடலை டேட்டாவுக்கு வைத்த அதே `qmax`-இல் கணக்கிடச் சொன்னால் மாடலிலும் அதே சிற்றலை வரும். வித்தியாசக் கோட்டில் 2.4 பக்கம் ஒன்றும் மிஞ்சாவிட்டால் விஷயம் தீர்ந்தது. இன்னொன்று, டைட்டானியம்–ஆக்சிஜன் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அனட்டேஸில் 1.93, 1.98 என்று இரண்டு நீளம் இருப்பது உண்மைதான், ஆனால் 16.5-இல் பிரிதிறன் π/16.5, அதாவது 0.19.

எதிர்மறைஉச்சம்

ஆக்சிஜனைப் பார்க்க எக்ஸ்-கதிரோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? நியூட்ரானில் டைட்டானியத்தின் சிதறல் நீளம் எதிர்மறை, டைட்டானியம்–ஆக்சிஜன் கீழ்நோக்கித் தொங்கும், ஆக்சிஜன்–ஆக்சிஜன் மேல்நோக்கி நிற்கும். குழப்பமே இல்லை. ஒரே தொல்லை, மேற்பரப்பில் நீர் இருந்தால் ஹைட்ரஜன் பின்னணியை ஏற்றிவிடும், கனநீரில் மாற்றி எடுக்க வேண்டும்.

வெறுங்குழாய்

கிராம் கணக்கில் சரக்கு வேண்டுமே ஐயா. குழாயில் இருப்பதே சில மில்லிகிராம்.

தூள்பெட்டி

மாடலைப் போட்டுப் பார்த்தேன், 2.4-இல் மிச்சம் இல்லை. ஆனால் புதுத் தலைவலி. 1.5 முதல் 10 ஆங்ஸ்ட்ராம் வரை மட்டும் பொருத்தினால் அனட்டேஸைவிட புரூக்கைட் கொஞ்சம் நன்றாக உட்காருகிறது. 10-க்கு மேலே அனட்டேஸ்தான்.

ஸைன்அலை

அந்த எல்லைக்குள் உங்களிடம் இருக்கும் சுதந்திரமான தகவல் 16.5 × 8.5/π, சுமார் 45 புள்ளி. அனட்டேஸில் அணு இடத்துக்கு ஒரே ஒரு அளவுரு, புரூக்கைட்டில் ஒன்பது. அத்தனை கயிறு கையில் இருந்தால் எதையும் கட்டி நிறுத்தலாம். புரூக்கைட்டின் அணு இடங்களைப் பூட்டிவிட்டுப் பொருத்தினால் என்ன ஆகிறது என்று போடுங்கள்.

கழுவியபிறகும்

பூட்டினாலும் சில துகள்களில் புரூக்கைட்தான் ஜெயிக்கிறது. மேற்பரப்பில் எண்முகிகள் முறுக்கிக்கொள்வதை மாடலால் சொல்ல முடியாமல் அது புரூக்கைட் வேஷம் போடலாம். நிஜமாகவே கலந்தும் இருக்கலாம்.

தூள்பெட்டி

0.5 குழாயில் புதிதாக ஓட்டிய பிறகு பூட்டியதைப் போடுகிறேன். இந்த டேட்டாவில் அதைத் தேட வேண்டாம் என்று தோன்றுகிறது.