புதுப்பிப்பு: அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்

முன்பு கேட்டது: "நான்கு மாதங்களாக நானும் கணவரும் சரியாகப் பேசுவதில்லை. கடிதம் எழுதினால் எப்படித் தொடங்குவது?"

முதலில் எழுதியது நான்கு பக்கம், முழுக்க அவர் குற்றங்கள். "ஒரே ஒரு நாளை எடுத்து, அதில் உங்கள் தவறை மட்டும் எழுதுங்கள். 'ஆனால்' வந்தால் அடித்துவிடுங்கள்" என்று இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னார். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பணப்பேச்சே வேண்டாம் என்றார் ஓர் அண்ணன். அது பாதிதான் சரி. மறைத்தால் மனம் ஆறாது. மாமியாருக்கு எழுதலாமா என்று கேட்ட தங்கைக்கு என்னிடம் பதில் இல்லை.

"என்னங்க, குடியாத்தத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோர் முன்பும் உங்களைக் கையாலாகாதவர் என்றேன். அது என் தவறு, மன்னியுங்கள். சங்கிலியை அடகு வைக்கும் முன் என்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தம் இருக்கிறது. பதில் எழுத வேண்டாம். இரவு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், போதும்."

காட்பாடியில் அதிகாலை ரயிலுக்கு அவர் கிளம்பும் முன் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். இரவு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் கடிதம் தெரிந்தது, மடிப்பில் குழம்புக் கறையோடு. சங்கிலிப் பேச்சை இன்னும் இருவரும் எடுக்கவில்லை.