ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றது கதையா, கடையா?

செந்தில்: 1986-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் படத்தை மகனோடு பார்த்தேன். நல்ல ரோபோக்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் படம் பாதி தாண்டும் முன்பே செத்துப்போகிறான். கதை கேட்டதா, பொம்மைக் கம்பெனி கேட்டதா?

ரகு: கம்பெனிதான். ஹாஸ்ப்ரோ 1984-இல் இறக்கிய பொம்மைகளை ஓரங்கட்டிவிட்டு ஹாட் ராட், அல்ட்ரா மேக்னஸ், கப் என்று புது வரிசையை விற்க நினைத்தது. விண்கலக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். அயன்ஹைட், ராட்செட், ப்ரௌல், ப்ரான் நான்கு பேரும் ஒரே தாக்குதலில் முடிந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் பார்த்துப் பழகிய முகங்கள், விடைபெறக்கூட நேரமில்லை. சாவுப் பட்டியலும் பழைய பொம்மைப் பட்டியலும் எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்.

தங்கம்: என் மகள் கார்ட்டூன் படம் போட்ட பை இல்லாமல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். டிவியை நிறுத்திவிடலாமா?

ரகு: தங்கம் அக்கா, அது கடைப் பக்கம். இங்கே பேசுவது கதையைப் பற்றி.

மாலதி: ரகு சொல்வது பாதிதான். ஜப்பானின் டகாரா கம்பெனியிடமிருந்து வந்தபோது அவை உருமாறும் கார்களும் துப்பாக்கிகளும் மட்டுமே. மார்வெலில் இருந்த பாப் புடியான்ஸ்கிதான் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதினார். எதிரிக் கூட்டத்தில் தன் தலைவனுக்கே குழிபறிக்கும் ஸ்டார்ஸ்க்ரீமை எந்த அச்சில் வார்த்தார்கள்? வெறும் விளம்பரமாக இருந்தால் பிரைம் செத்ததற்குப் பிள்ளைகள் அழுதிருக்க மாட்டார்கள்.

ஜெகன்: இதையெல்லாம் 1990-இல் அமெரிக்காவில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்களே.

ரகு: இல்லை ஜெகன். அந்தச் சட்டம் விளம்பர நேரத்துக்குத்தான் வரம்பு வைத்தது. பிள்ளைகள் நிகழ்ச்சியில் மணிக்கு வார நாளில் 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம். பொம்மையை வைத்துக் கதை பண்ணுவதை அது தடுக்கவில்லை.

மாலதி, அழுததை ஒப்புக்கொள்கிறேன். கம்பெனியே அதை எதிர்பார்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 1987-இல் இரண்டு பகுதிக் கதையில் பிரைமை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதே ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ படத்தில் ட்யூக் சாவதாக இருந்தது. அதையும் மாற்றி, அவன் கோமாவில் இருக்கிறான் என்று ஒரு வசனத்தைச் சேர்த்தார்கள். மார்பில் குத்துப்பட்டு விழும் காட்சி அப்படியே இருக்க, குரல் மட்டும் வேறு சொல்கிறது. கொன்றதும் வியாபாரம், பிழைக்க வைத்ததும் வியாபாரம்.

மாலதி: பிழைக்க வைத்தது பிள்ளைகளின் பாசம். அந்தப் பாசத்தை எழுதி உண்டாக்கியவர்களைக் கணக்கில் சேர்க்கமாட்டீர்களா?

ரகு: சேர்க்கிறேன். ஆனால் அவர்கள் கை எவ்வளவு கட்டியிருந்தது என்பதற்கு ஜெட்ஃபயர் சாட்சி. அந்தப் பொம்மையின் அச்சு டகாராவுடையது அல்ல, ஜப்பானில் அதன் போட்டிக் கம்பெனி பண்டாய் பக்கம் போய்விட்டது. அதனால் கார்ட்டூனில் அவனுக்கு வேறு உருவம், ஸ்கைஃபயர் என்று வேறு பெயர். கடையில் கண்டவனை டிவியில் காணோம்.

மாலதி: அந்த ஸ்கைஃபயருக்குத்தான் பனிக்கட்டியில் உறைந்து கிடந்து, பழைய நண்பன் ஸ்டார்ஸ்க்ரீமையே எதிர்த்து நிற்கும் கதையை எழுதினார்கள். பொம்மையோடு ஒட்டாமல் போனவனுக்கும் அப்படி ஒரு கதை வாய்த்தது.

செந்தில்: இரண்டு பேருக்கும் நன்றி. மகன் இன்னும் விண்கலக் காட்சியிலேயே நிற்கிறான். "அயன்ஹைட் ஏன் திரும்பி வரலை?" என்று கேட்கிறான்.