நூரிகாபே அனுபவங்கள்: எண்ணிக்கை சரி, குளமும் இல்லை, ஆனாலும் தப்பு

பொங்கோல் பயணி

தினமும் காலையில் பொங்கோலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குகிறேன். உட்கார இடம் கிடைத்தால் கைபேசியில் ஒரு நூரிகாபே கட்டப் புதிர் போடுவேன். நேற்று வந்தது சின்னதுதான், 5க்கு 5.

```
2 . . . .
. . 2 . .
. . . . .
. . . . .
. 2 . 3 .
```

2 என்று இருந்தால் அந்தத் தீவுக்கு இரண்டு கட்டம், 3 என்றால் மூன்று. மீதியெல்லாம் கடல், அதைக் கறுப்பாக்க வேண்டும். மூன்று 2களையும் எப்படியோ முடித்துவிட்டேன். கீழே இருந்த 3ஐ ஒரு கட்டம் மேலே ஏற்றி, வலப்பக்கம் திருப்பினேன். தீவுகள் மொத்தம் 9, கடல் 16, கூட்டினால் 25. கடல் 2க்கு 2 சதுரமாக நிற்கும் குளம் எங்கேயும் இல்லை. ஆனால் செயலி தப்பு என்றது. சிராங்கூன் நிலையம் தாண்டியும் எங்கே பிழை என்று தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஈசூன் தம்பி

எண்ணிக்கை ஒத்துப்போய், குளமும் இல்லையென்றால் செயலியில்தான் கோளாறு. இன்னொன்று அண்ணா, எப்போதும் பெரிய எண்ணில் ஆரம்பிக்கணும். இங்கே 3தான் பெரியது. அதை முதலில் போட்டிருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்திருக்கும். நான் அப்படித்தான் செய்வேன்.

பீஷான் அக்கா

தம்பி, பெரிய எண் ஒரு மூலையில் நெருக்கமாக மாட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. அது போகக்கூடிய வழி குறைவாக இருக்கும். இங்கே 3க்கு மேலே நிறைய இடம் இருக்கிறது, ஆகவே அது கடைசியில்தான் முடிவாகும். நான் இந்தப் புதிரைக் காகிதத்தில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். எந்த ஊகமும் தேவைப்படவில்லை.

கடைசி வரிசையில் 2க்கும் 3க்கும் நடுவே ஒரே கட்டம். அது தீவானால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதனால் அது கடல். அதற்குப் பிறகு நான் எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குளம் வரக்கூடிய இடங்களைப் பார்க்கிறேன். இடது ஓரத்தில் 3ஆம், 4ஆம் வரிசைகளின் முதல் இரண்டு கட்டங்களை எடுங்கள். நான்கும் கடலானால் குளம். ஆகவே ஏதாவது ஒரு தீவு அங்கே வந்தே ஆகவேண்டும். யாரால் எட்ட முடியும்? மேல்மூலை 2க்கு எட்டாது, நடுவிலுள்ள 2க்கும் எட்டாது, 3க்கும் எட்டாது. கீழே உள்ள 2 மட்டும் ஒரு கட்டம் மேலே ஏறினால் எட்டும். அது முடிந்தது.

வலது மேல்மூலையிலும் இதே கேள்விதான். முதல் இரண்டு வரிசைகளின் கடைசி இரண்டு கட்டங்கள். அங்கே எட்டக்கூடியது 2ஆம் வரிசையில் உள்ள 2 மட்டும், அதுவும் வலப்பக்கம் நகர்ந்தால். அதுவும் முடிந்தது. இப்போது இடப்பக்கம் 2ஆம், 3ஆம் வரிசைகளில் ஒரு குளம் உருவாகப் பார்க்கிறது. மிச்சமிருப்பது மேல்மூலை 2 ஒன்றுதான், அது கீழே இறங்கி உடைக்கவேண்டும். முடிந்த தீவைச் சுற்றிலும் உடனே கறுப்படித்துக்கொண்டே வந்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

3க்கு இப்போது நடுவில் வரும் குளத்தை உடைக்க ஒரு கட்டம் மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. அதுவரை பயணி செய்தது சரி. மூன்றாவது கட்டம்தான் விஷயம். மேலே ஏறிய இடத்திலிருந்து வலப்பக்கம் திரும்பினால், கீழே வலது மூலைக் கட்டத்தைப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் தீவு, மேலே தீவு. மூலை என்பதால் வேறு பக்கமே இல்லை. அந்த ஒரு கட்டக் கடல் தனியாக அடைபட்டுவிட்டது. கடல் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற விதி அங்கேதான் உடைந்தது. மூன்றாவது கட்டம் அந்த மூலையே.

```
2 # # # #
o # 2 o #
# # # # #
# o # o #
# 2 # 3 o
```

இரண்டு விதமாகப் போட்டாலும் கடல் 16தான். அதனால் எண்ணிக்கை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

பொங்கோல் பயணி

அக்கா, அந்த மூலையை நான் ‘மிச்சம்’ என்று நினைத்துக் கறுப்படித்தேன். அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கவே இல்லை.

தெம்பனிஸ் அம்மா

ஒரு சந்தேகம். தீவும் 2க்கு 2 சதுரமாக வரக்கூடாதுதானே? நான் இரண்டு வருடமாக அப்படித்தான் போடுகிறேன். 4 வந்தால் சதுரத்தைத் தவிர்த்துவிட்டு நீளமாகவோ வளைத்தோ போடுவேன். சில புதிர்கள் முடியவே முடியாது. அவற்றை விட்டுவிடுவேன்.

பீஷான் அக்கா

அந்தத் தடை கடலுக்கு மட்டும்தான் அம்மா. 4 சதுரமாக நிற்கலாம். முடியாமல் விட்ட புதிர்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

தெம்பனிஸ் அம்மா

அடடா! பழைய நோட்டு இருக்கிறது, இன்று ராத்திரியே பார்க்கிறேன்.

ஜூரோங் ராத்திரி வேலை

அக்கா சொன்ன மூலை எனக்கு வேறு உருவத்தில் வந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து உணவங்காடியில் தே குடித்துக்கொண்டே ஒரு 10க்கு 10 போட்டேன். இரண்டு தீவுகள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு நின்றன. பக்கத்தோடு பக்கம் ஒட்டவில்லை, எனவே விதிப்படி குற்றமில்லை. ஆனால் ஒன்று மேல் ஓரத்தைத் தொட்டது, இன்னொன்று இடது ஓரத்தை. கடல் குறுக்காகப் போகாது. ஆகவே அந்த இரண்டும் சேர்ந்து ஒரு அணை. உள்ளே ஆறு கட்டக் கடல் பிரிந்து கிடந்தது. கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, முக்கால்வாசியை அழித்து முதலிலிருந்து போட்டேன். அதன்பிறகு ஓரத்தைத் தொடும் தீவைக் கண்டால், அதன் மூலைகளில் யார் நிற்கிறார்கள், அவர்கள் வேறு ஓரத்துக்குப் போகிறார்களா என்று பார்க்கிறேன்.

பயணியின் 3ம் அப்படி ஒரு அணைதான். கீழ் ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, ஒரே தீவால் கட்டியது.

நூரிகாபே என்பதே ஜப்பானியக் கதைகளில் வரும் ஒரு பேயின் பெயராம். ராத்திரியில் நடந்து போகிறவனுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத சுவராக நிற்குமாம். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஈசூன் தம்பி

செயலியைக் குறை சொன்னது என் தப்பு. ஆனால் இதைக் கேளுங்கள். புதிருக்கு ஒரே விடைதான் என்று நமக்குத் தெரியும். பெரிய புதிரில் ஒரு தீவு இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம் என்று வந்தால், அந்த அமைப்பே வராது என்று ஒதுக்கிவிடுவேன். வேகமாக முடியும். இதில் என்ன தப்பு?

பீஷான் அக்கா

எனக்கு அது பிடிக்காது தம்பி. இதே புதிரில் அந்த 3ஐ மட்டும் எடுத்து வலது மூலையில் வைத்துப் பாருங்கள். நடுக் குளத்தை உடைக்க அது அதே கட்டத்துக்குத்தான் போகவேண்டும். ஆனால் மேல் வழியாகவும் போகலாம், இடது வழியாகவும் போகலாம். இரண்டிலும் கடல் ஒன்றாகவே இருக்கிறது, குளமும் வரவில்லை. இரண்டு விடை. ஒரு கட்டம் நகர்ந்ததற்கே புதிர் கெட்டுவிட்டது. கையால் அமைத்த புதிர்களில் இப்படி ஒன்று தப்பி வந்தால், நீங்கள் நம்பிய அந்த ‘ஒரே விடை’ உங்களைத் தப்பான முடிவுக்குத் தள்ளிவிடும்.

ஈசூன் தம்பி

போட்டுப் பார்த்தேன், இரண்டு விடை வருகிறது. ஆனால் அச்சில் வரும் புதிரைச் சரிபார்க்காமலா வெளியிடுவார்கள்? ஒரே விடை என்பதும் புதிர் கொடுத்த தகவல்தானே, அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

ஜூரோங் ராத்திரி வேலை

நான் தம்பி பக்கம். ஆனால் அப்படி ஒதுக்கிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். பின்னால் சிக்கல் வந்தால் முதலில் அங்கேதான் திரும்பிப் போவேன்.

தெம்பனிஸ் அம்மா

நோட்டில் முடியாமல் கிடந்தவை ஏழு. இப்போது ஐந்து முடிந்துவிட்டன, நாலில் 4 சதுரமாகவே நிற்கிறது. மீதி இரண்டில் 4 என்ற எண்ணே இல்லை, எங்கே தப்பு என்று தெரியவில்லை. நாளைக்குக் கட்டத்தை இங்கே எழுதிப் போடுகிறேன், யாராவது பாருங்கள்.