ஒரு ஏஎம்சி வாடிக்கையாளர் நமக்கு எவ்வளவு பெறுமானம்? 200 பேரின் பில் புத்தகம் சொன்ன கணக்கு

கோவை ஆர்ஓ சர்வீஸ்

கோவையில் வீடுகளுக்கு ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே மூச்சில் 200 புது ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பிடித்தேன். ஏஜென்ட் கமிஷன், முதல் ஃபில்டர் செட் இலவசம் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3,500 ரூபாய் ஆனது. மொத்தம் 7 லட்சம், 12 சதவீத வட்டிக்கு பேங்க் கடன்.

கடன் வாங்கும் முன் நான் போட்ட கணக்கு இதுதான். என்னிடம் இருந்த பழைய ஏஎம்சிகளில் வருஷம் 100க்கு 75 பேர் புதுப்பித்தார்கள். 25 பேர் போகிறார்கள் என்றால் ஒருவர் சராசரியாக நாலு வருஷம் இருப்பார். ஆண்டுக்கு 4,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 16,000. அதற்கு 3,500 செலவழிக்க என்ன யோசனை என்று இறங்கிவிட்டேன்.

இரண்டாம் வருஷமே தவணை கட்ட கைக்காசு போட வேண்டியதாயிற்று. அப்போதிருந்து பில் புத்தகங்களை எடுத்து வைத்து எண்ணிவருகிறேன். முதல் பிழை கண்ணுக்கு நேராகவே இருந்தது. 4,000 என்பது வரவு. கார்பன் ஃபில்டர், செடிமென்ட் ஃபில்டர், மெம்பிரேன், பையன் போய்வரும் செலவு எல்லாம் கழித்தால் நிற்பது 1,600தான். இரண்டாவது பிழை ஆட்களில். 200 பேரில் முதல் வருஷம் முடிந்ததும் புதுப்பித்தவர்கள் 120 பேர் மட்டுமே. அடுத்த வருஷம் 96, அதற்கடுத்து 86, இந்த வருஷம் 78. பழைய வாடிக்கையாளர்களிடம் எடுத்த 75 என்ற எண்ணைப் புதியவர்கள் மேல் போட்டது என் தவறு.

இப்போது என் சந்தேகம். வருஷா வருஷம் வந்த லாபத்தை 12 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் எக்செல் 7,06,000 என்கிறது. என் ஆடிட்டர் 7,91,000 என்கிறார். போட்ட காசு 7 லட்சம். ஒன்றில் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை, இன்னொன்றில் 91,000 மிச்சம். எது சரி?

கணக்கப்பிள்ளை

ஆடிட்டர் சொன்னதுதான் சரி. நீங்கள் `NPV` போட்டிருப்பீர்கள். அந்த ஃபங்ஷன் முதல் தொகையே ஒரு வருஷம் கழித்துத்தான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கோ ஏஎம்சி பணம் கையெழுத்தாகும் அன்றே வந்துவிடுகிறது. ஐந்து தொகையையும் ஒரு வருஷம் கூடுதலாகக் கழித்துவிட்டது. 7,91,000ஐ 1.12ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 7,06,000 வரும்.

A நெடுவரிசையில் 0 முதல் 4 வரை ஆண்டு, B-யில் புதுப்பித்தவர் எண்ணிக்கை, C-யில் ஒருவருக்கான லாபம், F1-இல் 12% என்று வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B6*C2:C6/(1+F1)^A2:A6)
```

முதல் வருஷம் 3,20,000 அப்படியே நிற்கும். 120 பேரின் 1,92,000 இன்றைய மதிப்பில் 1,71,000 ஆகும். இப்படியே போய் 78 பேரின் 1,24,800 வெறும் 79,000 ஆகச் சுருங்கும். ஐந்தையும் கூட்டி 200ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 3,956.

சென்னையில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கணக்குப் பார்த்தபோது இதே பிழையைப் பார்த்தேன். ஆண்டுக் கட்டணம் முழுக்க முன்பணமாக வாங்கும் தொழில் அது. ஷீட்டில் வருஷக் கடைசியில் வருவதாகப் போட்டு, 'உறுப்பினர் சேர்ப்பே லாபமில்லை' என்று விளம்பரத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு 4,000 முதல் நாளே வருகிறது, ஆனால் 2,400 செலவு வருஷம் முழுக்கப் பரவித்தான் போகிறது. செலவை ஆண்டு நடுவில் என்று வைத்தால் 1,600க்குப் பதில் 1,732 என்று எடுக்கலாம். நான் எடுப்பதில்லை. ஆனால் எடுப்பவரைத் தப்பு என்றும் சொல்லமாட்டேன்.

ஈரோடு பிராட்பேண்ட்

நான் கேபிளும் இன்டர்நெட்டும் நடத்துகிறேன். கோவை அண்ணன் சொன்ன இரண்டாவது பிழை எனக்கும் நடந்தது. இணையத்தில் கிடைக்கும் `m*(1+d)/(1+d-r)` என்ற வாய்ப்பாட்டில் லாபம் m-க்கு 1,600, வட்டி d-க்கு 12%, சராசரிப் புதுப்பிப்பு r-க்கு 75% போட்டால் 4,843 வரும். சராசரி எப்போதுமே கூட்டித்தான் காட்டும், நம்பக்கூடாது.

ஆனால் டிஸ்கவுண்ட் ரேட் 12 சதவீதம் என்பது ரொம்பக் குறைவு அண்ணே. பேங்க் வட்டியைப் போட்டால் போதுமா? நாளைக்கே பத்துப் பேர் வேறு ஆளிடம் போனால்? அந்தப் பயத்துக்குச் சேர்த்து நான் 30 போடுவேன். 30 போட்டால் உங்கள் 200 பேரும் 6,65,000தான். நஷ்டம்.

ஆடி சேல்

மன்னிக்கவும், நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், தலைப்பைப் பார்த்து வந்தேன். நாங்கள் ஆடியில் 20 சதவீதம் டிஸ்கவுண்ட் கொடுக்கிறோம். அப்படியென்றால் என் டிஸ்கவுண்ட் ரேட் 20தானே? என் கடைக்கு வருபவர்களுக்கும் இந்தக் கணக்கைப் போடலாமா?

கோவை ஆர்ஓ சர்வீஸ்

இல்லீங்க அக்கா, அந்த டிஸ்கவுண்ட் வேறு. ஆடித் தள்ளுபடி உங்கள் லாபத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும். இங்கே பேசுவது, அடுத்த வருஷம் வரும் 100 ரூபாய் இன்று கையில் இருக்கும் எத்தனை ரூபாய்க்குச் சமம் என்பது. 12 சதவீதத்தில் அது ஏறக்குறைய 89 ரூபாய்.

ஆடி சேல்

சரி, புரிந்தது. ஆனால் என்னிடம் யார் போனார், யார் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? ஒரு குடும்பம் போன தீபாவளிக்கு வரவில்லை. இந்தத் தீபாவளிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வந்து நிற்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை

அம்மா, உங்களுக்கு இவர் முறை அப்படியே பொருந்தாது. ஏஎம்சியில் புதுப்பிக்காதவர் போய்விட்டார் என்று ஒரு தேதியில் தெரிந்துவிடும். கடைக்கு வராதவர் போனவரா, தள்ளிப்போட்டவரா என்று தெரியாது. உங்களிடம் போன் நம்பரோடு பில் இருந்தால், ஒரு தீபாவளிக்கு முதன்முதலாக வந்தவர்களை மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த தீபாவளிகளில் அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். இடையில் ஒரு வருஷம் விட்டவரை வெட்டிவிட வேண்டாம். ஆனால் ஐந்து வருஷ பில் இல்லாமல் இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

ஈரோடு தம்பிக்கு. வாடிக்கையாளர் விலகுவது 200, 120, 96 என்ற வரிசையிலேயே வந்துவிட்டது. அதற்காக வட்டியையும் ஏற்றினால் ஒரே இழப்பை இரண்டு முறை கழிக்கிறீர்கள். நீங்கள் பயப்படுவது இனி வரப்போகும் வருஷங்களில் புதுப்பிப்பு குறையும் என்றால், அந்த எண்ணைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். எந்த வருஷம் அடி விழுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

சராசரி எப்போதும் கூட்டிக் காட்டும் என்பதும் பாதிதான் உண்மை. ஐந்து வருஷம் வரை பார்த்தால் 75 சதவீதம் 4,191 என்கிறது, நடந்ததோ 3,956. ஆக, அதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் மிஞ்சியிருக்கும் அந்த 78 பேர் கெட்டியானவர்கள், ஆண்டுக்குப் பத்தில் ஒருவர்தான் விலகுகிறார். சராசரியோ அவர்களிலும் நாலில் ஒருவர் போவதாகச் சொல்லும். முழு ஆயுளுக்கும் பார்த்தால் அது குறைத்துத்தான் காட்டும்.

ஈரோடு பிராட்பேண்ட்

விலகலை இரண்டு முறை கழித்தது புரிகிறது. இருந்தாலும் 12ஐ என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வட்டி வீட்டை அடமானம் வைத்துக் கிடைத்தது என்றால், அது வீட்டின் பாதுகாப்புக்கு பேங்க் வைத்த விலை. ஏஎம்சி தொழிலுக்கு வைத்த விலை இல்லை.

கணக்கப்பிள்ளை

அது நியாயமான கேள்வி. நானாக இருந்தால் 18 போடுவேன், அப்போது 7,41,000 வரும். ஏறக்குறைய 24 சதவீதத்தில்தான் போட்ட 7 லட்சத்துக்குச் சமமாகிறது. 18ஆ 22ஆ என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

பழைய பாலிசி

ஆயுள் காப்பீட்டில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் இதை பெர்சிஸ்டென்ஸி என்போம். 13, 25, 37, 49, 61ஆம் மாதங்களில் எத்தனை பாலிசி உயிரோடு இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த எண்களை வெளியிடுகின்றன.

இதில் புதிதாக வந்த பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. உதாரணத்துக்கு 13ஆம் மாதம் 80, 25இல் 70, 37இல் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே முதலில் சேர்ந்த 100 பேரில் எத்தனை பேர் மிச்சம் என்ற எண்கள். ஒரு பையன் அவற்றை வருஷா வருஷ விகிதம் என்று நினைத்து மூன்றையும் பெருக்கி 36 பேர்தான் மிச்சம் என்று கிளைக் கூட்டத்தில் காட்டினான். இருந்ததோ 65 பேர். 36 என்று வந்ததும் எல்லாரும் பதறினோம், பையனைக் குறை சொல்லவில்லை. தாளில் எந்த எண் எந்த வகை என்று எழுதியே இருக்கவில்லை.

கோவைத் தம்பி, முதல் வருஷம் 80 பேர் போனார்களே, அவர்களை யார் கொண்டுவந்தது என்று பார்த்தீர்களா? எங்களிடம் 13ஆம் மாதத்தில் விழும் பாலிசிகளைத் துருவினால் அநேகமாக ஒன்றிரண்டு ஏஜென்ட் பக்கமே போய் நிற்கும்.

கோவை ஆர்ஓ சர்வீஸ்

ஐயா, நீங்கள் கேட்ட பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு ஏஜென்ட்கள். முதலாமவர் 110 வீடு கொண்டுவந்தார், முதல் ஆண்டு முடிந்ததும் புதுப்பித்தவை 48. இரண்டாமவர் 90 வீடு, அதில் 72 புதுப்பித்தன. விசாரித்ததில் முதலாமவர் தன் கமிஷனில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்து, 'முதல் வருஷம் பாதி விலை' என்று சொல்லி விற்றிருக்கிறார். அடுத்த வருஷம் முழு விலை கேட்டதும் அவர்கள் விலகிவிட்டார்கள். 60 சதவீதம் என்று நான் பார்த்த எண்ணுக்குள் 44உம் 80உம் இருந்திருக்கின்றன.

ஐந்து வருஷத்துக்கும் தனித்தனியாகப் போட்டேன், 12 சதவீதத்தில்தான். முதலாமவரின் வீடு ஒன்றுக்கு 3,211, இரண்டாமவருடையது 4,865. இருவருக்கும் நான் செலவழித்தது அதே 3,500.

இனி கமிஷனில் பாதியை முதல் புதுப்பிப்பு வந்த பிறகுதான் தருவது என்று இருவரிடமும் பேசியிருக்கிறேன். முதலாமவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை

நல்ல வேலை. இரண்டு பக்கமும் லாபம் 1,600 என்றுதான் வைத்தீர்களா?

கோவை ஆர்ஓ சர்வீஸ்

ஆமாங்க. ஆனால் அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் மெம்பிரேன் நன்றாக உழைக்கும். போர் தண்ணீர் வீட்டில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுவது என் செலவு. இரண்டாமவரின் 90 வீட்டில் பாதிக்கு மேல் போர் தண்ணீர். அங்கே 1,600 நிற்காது, 4,865உம் நிற்காது. எந்த வீட்டுக்கு எத்தனை மெம்பிரேன் போனது என்று பார்க்க கொள்முதல் பில்களை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.