வாய்ஸ் ரிமோட்ல எல்லா பட்டனும் ஓடுது, மைக் மட்டும் ஓடல. பேரிங் எப்படி? அவசரம்

புளியந்தோப்பு_செல்வம் (மாலை 5:12)
பழைய ரிமோட் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. நேத்து புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், 350 ரூபா. ஆன் ஆஃப், சவுண்டு, மேல கீழ எல்லாம் போகுது. மைக் பட்டனை அமுக்கினா ஒண்ணும் வரல. "பேரிங் பண்ணிக்கோ"ன்னு கடைக்காரர் சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டார். அம்மாவுக்கு டைப் பண்ண வராது, பேசித்தான் சீரியல் தேடுவாங்க. ராத்திரிக்குள்ள சரி பண்ணணும், யாராவது சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_பாபு (5:20)
இன்னா டிவி தல? கம்பெனி, மாடல் சொல்லு. பழைய ரிமோட்ல மைக் இருந்துச்சா, இல்ல டிவில வாய்ஸே கிடையாதா?

சர்க்யூட்_சாமி (5:26)
டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா அவர் எங்கன்னு ஊசி போடுவார்? இதே கேள்வி இங்க மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. டிவி பின்னாடி ஸ்டிக்கர் இருக்கும், படிச்சுட்டு வாங்க.

புளியந்தோப்பு_செல்வம் (5:31)
ஆண்ட்ராய்டு டிவி, 43 இன்ச். செவுத்துல மாட்டிருக்கு, பின்னாடி பாக்க முடியாது. பழசுல மைக் நல்லா ஓடுச்சு.

ராயபுரம்_மீரான் (5:38)
தம்பி, ப்ளூடூத் ரிமோட்னா டிவியை நோக்கி நீட்டவே தேவையில்ல. போர்வைக்குள்ள வச்சு அமுக்கினாலும் வேலை செய்யும். ரிமோட்டை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு டிவியை ஆன் பண்ணிப் பாருங்க. ஆன் ஆகலைன்னா உங்களுக்குக் கொடுத்தது டூப்ளிகேட், கொண்டு போய் மூஞ்சில அடிங்க.

பெரம்பூர்_லோகா (5:57)
மீரான் சார் சொல்றது பாதி சரி. ஆனா பவர் பட்டனை வச்சு சோதிக்கக் கூடாது. டிவி தூங்கும்போது பல செட்டுல ப்ளூடூத்தும் தூங்கிடும், அகச்சிவப்புக் கண் மட்டும்தான் முழிச்சிருக்கும். அதனால ஒரிஜினல் வாய்ஸ் ரிமோட்டுகளும் நிறைய, பவருக்கு அகச்சிவப்பைத்தான் அனுப்பும். அதை முதுகுக்குப் பின்னாடி வச்சு அமுக்கினா நல்ல ரிமோட்டும் தோத்துப் போகும், கடைக்காரரோட வீண் சண்டைதான் வரும்.

செல்வம், உங்க ரிமோட் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, அது ப்ளூடூத் உள்ள ரிமோட், இன்னும் டிவியோட சேரல. சேராத வரைக்கும் இந்த மாதிரி ரிமோட் பல பட்டன்களை அகச்சிவப்பிலேயே அனுப்பும். புது டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல்ல செட் பண்ணும்போது அதுவும் சேர்ந்திருக்காதே, அப்ப மெனுவுக்குள்ள போக ஒரு வழி வேணும் இல்லையா, அதுக்குத்தான். இல்லைன்னா அது மைக் படம் மட்டும் போட்ட வெறும் அகச்சிவப்பு ரிமோட். ரெண்டும் இப்ப ஒரே மாதிரிதான் நடந்துக்கும்: சவுண்டு போகும், அம்புக்குறி போகும், மைக் போகாது. அதனால பட்டன் ஓடுதுன்னு பாத்து எதையும் முடிவு பண்ண முடியாது.

குரல் அகச்சிவப்பில போகவே போகாது. அது ஒரு விளக்கு, பட்டனுக்கு ஒரு எண்ணை மினுக்கி அனுப்பும், அவ்வளவுதான். பேச்சைக் கொண்டு போற வேகமும் அதுக்குக் கிடையாது, டிவி கிட்ட இருந்து பதில் வாங்குற வழியும் கிடையாது. ஆக, பேரிங் ஆனாத்தான் மைக்.

எண்ணூர்_பெரியவர் (6:04)
எங்க வீட்டு கேபிள் பாக்ஸ் ரிமோட்டும் இப்படித்தான், கிட்டப் போய் அமுக்கினாத்தான் சேனல் மாறுது. அதையும் பேரிங் பண்ணணுமா?

கொருக்குப்பேட்டை_பாபு (6:09)
பெரிசு, அது சாதா ரிமோட், பேரிங்லாம் கிடையாது. பேட்டரி மாத்து. ஸ்பிரிங்குல பச்சையா பூத்திருந்தா உப்புத்தாள் வச்சு தேய்.

புளியந்தோப்பு_செல்வம் (6:15)
சரிக்கா, ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரம்பூர்_லோகா (6:34)
போனை எடுங்க, ப்ளூடூத்தை ஆன் பண்ணி, புது சாதனம் தேடுற பக்கத்தைத் திறந்து வைங்க. ரிமோட்டை போன் பக்கத்திலேயே பிடிச்சு, ஹோமையும் பேக்கையும் சேர்த்து பத்து செகண்டு அமுக்குங்க. விரல் ரெண்டும் ஒரே நேரத்தில் இறங்கணும். ஒண்ணு முந்திட்டா வெறும் ஹோம்னு எடுத்துக்கும், டிவி முகப்புக்குப் போயிடும்.

ரிமோட் தலைப்பக்கம் ஒரு சின்ன விளக்கு விடாம மினுக்க ஆரம்பிக்கணும். போன் பட்டியல்ல ரிமோட்னோ RC-ன்னோ ஏதாவது ஒரு பேர் வரணும். வந்தா அதுக்குள்ள ப்ளூடூத் இருக்கு. போனோட சேர்த்துடாதீங்க, பேர் வருதான்னு மட்டும் பாருங்க. ஹோம்+பேக்ல மினுக்கலைன்னா ஹோம்+ஓகே, அப்புறம் ஓகே+பேக். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதுக்குத்தான் எல்லாரும் பிராண்ட் கேக்கறோம். சாம்சங்ல பேக்கும் ப்ளே/பாஸும் சேர்த்து மூணு செகண்டு. எல்ஜி மேஜிக் ரிமோட்ல நடுச் சக்கரத்தை டிவி பக்கம் நீட்டி அமுக்கினாலே போதும். ஃபயர் டிவின்னா ஹோம் மட்டும் பத்து செகண்டு.

மூணு ஜோடியிலயும் விளக்கே வரலைன்னா, மேல ஊசி நுனி அளவு ஓட்டை இருக்கான்னு பாருங்க. மைக் அதுக்குப் பின்னாடிதான் இருக்கும். ஓட்டை இருந்தாலே மைக் இருக்குன்னு அர்த்தம் இல்ல, மோல்டுல ஓட்டையை மட்டும் போட்டு விட்டதும் கடையில கிடைக்குது.

மின்ட்_ஸ்ட்ரீட்_கார்த்தி (6:41)
இதுக்கெல்லாம் ஏன் ரிமோட்? போன்லயே அகச்சிவப்பு விளக்கு இருந்தா அதுவே ரிமோட். நான் அஞ்சு வருஷமா ரிமோட்டே தொடல.

சர்க்யூட்_சாமி (6:44)
அந்த அம்மாவுக்கு டைப் பண்ணவே வராதுன்னு முதல் பதிவிலேயே இருக்கு. படிக்கிற பழக்கமும் அஞ்சு வருஷமா விட்டுப் போச்சு போல. அகச்சிவப்பில குரல் போகாதுன்னு மேல ஒருத்தங்க எழுதி மை காயல.

மின்ட்_ஸ்ட்ரீட்_கார்த்தி (6:47)
வைஃபை வழியா Google TV ஆப் போட்டா போன்லயே மைக் வரும், குரலும் போகும். தெரியாம பேசாதீங்க சாமி.

சர்க்யூட்_சாமி (6:49)
ஆப் வேற, நீங்க சொன்ன அகச்சிவப்பு வேற. பேச்சை மாத்தாதீங்க.

ராயபுரம்_மீரான் (6:53)
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கோங்கப்பா. லோகாம்மா, பவர் பட்டன் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா எங்க டிவி அடுத்த ரூம்ல இருந்து அமுக்கினாலும் ஆன் ஆகுதே?

பெரம்பூர்_லோகா (7:02)
சில செட்டுல ப்ளூடூத் வழியாவே எழுப்புற வசதி உண்டு சார், உங்களது அதுவா இருக்கும். இல்ல, அகச்சிவப்பு வெளிச்சம் வெள்ளைச் செவுத்துல பட்டுத் தெறிச்சும் போகும். சந்தேகம் தீரணும்னா ரிமோட்டோட மூக்கை உள்ளங்கையில அழுத்தி மூடிக்கிட்டு அமுக்கிப் பாருங்க.

புளியந்தோப்பு_செல்வம் (7:20)
மூணு ஜோடியும் பண்ணிட்டேன், விளக்கு வரவே இல்ல. போன்லயும் பேர் காட்டல. ஓட்டையும் இல்ல. குப்பையில போட்ட கவரை எடுத்துப் பாத்தா மூலையில "வித்தவுட் வாய்ஸ்"னு கடுகு சைஸ்ல போட்டிருக்கான். கடைக்கு ஓடுறேன்.

கொருக்குப்பேட்டை_பாபு (7:24)
இதுக்குத்தான் பேரிங் பண்ணிக்கோன்னு அனுப்பினானா! மாத்தும்போது கடையிலேயே மினுக்குதான்னு பாத்து வாங்கு தல. உன் டிவிக்கானதான்னும் கேளு. பாக்க ஒரே மாதிரி கீறதெல்லாம் ஒரே ரிமோட் இல்ல.

புளியந்தோப்பு_செல்வம் (8:41)
மேல 450 போட்டு வேற வாங்கிட்டேன். கடையில போன்ல பேர் வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஹோம்+பேக் அமுக்கினா ரெண்டு தடவை மினுக்கிட்டு அணைஞ்சிடுது. டிவி தேடிக்கிட்டே இருக்கு, ஒண்ணும் கிடைக்கல.

பெரம்பூர்_லோகா (8:48)
கடையில போட்ட பேட்டரியா இப்ப உள்ள இருக்கு? டிவில எந்த மெனுவுக்குள்ள போய்த் தேடுறீங்க?

புளியந்தோப்பு_செல்வம் (8:50)
கடைக்காரர் அவர் பேட்டரியைக் கழட்டிக்கிட்டார். உடைஞ்ச ரிமோட்ல இருந்ததைப் போட்டேன். Settings, Remotes & Accessories, Add accessory. அதுல பழைய ரிமோட் பேரும் இருக்கு.

பெரம்பூர்_லோகா (9:03)
மெனு சரிதான். பேட்டரிதான் ஆள். கிழட்டு பேட்டரில அகச்சிவப்பு விளக்கு மங்கலா எரியும், கிட்டப் போனா வேலையும் செய்யும், அதனால பேட்டரி நல்லா இருக்குன்னு தோணும். ப்ளூடூத் அப்படி இல்ல. பேரிங் நேரத்துல ரேடியோ விடாம கூவிக்கிட்டு இருக்கும், அந்தச் சுமையில வோல்டேஜ் இறங்கினா சிப் அணைஞ்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். நீங்க பாத்த ரெண்டு மினுக்கு அதுதான். தெருமுனையில புது ஆல்கலைன் ட்ரிபிள் ஏ ரெண்டு வாங்குங்க. புதுசு ஒண்ணு பழசு ஒண்ணு போடாதீங்க.

பழைய ரிமோட் பேரை அமுக்கி Forget கொடுத்துடுங்க. அப்புறம் டிவி பிளக்கைக் கழட்டி ரெண்டு நிமிஷம் விடுங்க. ஸ்டாண்ட்பைல போட்டா ஆகாது, சுவிட்சே ஆஃப் ஆகணும். டிவி முழுசா எழுந்ததும் Add accessory திறந்து, அது தேட ஆரம்பிச்ச பிறகு பட்டன் ஜோடியை அமுக்குங்க. முன்னாடியே அமுக்கினா ரிமோட் கூவி ஓய்ஞ்சிடும், டிவி அப்புறம்தான் காது கொடுக்கும். ஒரு மீட்டருக்குள்ள நில்லுங்க. பேர் வந்ததும் இந்த ரிமோட்டிலேயே ஓகே கொடுக்கலாம், அதுவரைக்கும் அகச்சிவப்பில ஓடும்.

சர்க்யூட்_சாமி (9:07)
டிவி யூஎஸ்பி-ல 3.0 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தா அதையும் கழட்டுங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல அது இரைச்சல் போடும். சேர்ந்த பிறகும் குரல் விட்டு விட்டுக் கேட்டா முதல்ல அதைத்தான் பாக்கணும். இதை யாரும் சொல்லல.

பெரம்பூர்_லோகா (9:10)
நல்ல பாயின்ட் சாமி சார்.

எண்ணூர்_பெரியவர் (9:15)
பேட்டரி மாத்திட்டேன், சேனல் நல்லா மாறுது. ஆனா பாக்ஸ் ரிமோட்ல சவுண்டு வச்சா பாக்ஸ் சவுண்டு மட்டும்தான் ஏறுது, டிவி சவுண்டு ஏறல. அதுக்கு?

புளியந்தோப்பு_செல்வம் (9:58)
வந்துடுச்சு. அம்மா பேசிட்டாங்க. லோகாக்கா ரொம்ப நன்றி, எல்லாருக்கும் நன்றி. ஒண்ணே ஒண்ணு, சவுண்டு பட்டன் மட்டும் இன்னும் டிவியைப் பாத்து நீட்டினாத்தான் ஏறுது. அது அப்படித்தானா?

பெரம்பூர்_லோகா (10:06)
சில ரிமோட்டுல பேரிங்குக்குப் பிறகும் பவரும் சவுண்டும் அகச்சிவப்புலயே இருக்கும், சவுண்ட்பாருக்கும் அதே பட்டன் ஆகட்டும்னு. உங்களது அப்படிச் செஞ்சதா, இல்ல வேற செட்டுக்கான ரிமோட்டான்னு பிராண்ட் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்.

பெரியவர் ஐயா, உங்க பாக்ஸ் ரிமோட்ல கத்துக்குற பட்டன் இருக்கான்னு பாருங்க. சிலதுல தனியா கட்டம் கட்டி டிவின்னு போட்டிருக்கும். டிவி ரிமோட்டையும் அதையும் மூக்கோட மூக்கு வச்சு சவுண்டு எண்ணைக் காப்பி எடுத்துக்கலாம். அகச்சிவப்பு எண்ணைத்தான் அப்படி எடுக்க முடியும்.

சர்க்யூட்_சாமி (10:11)
செல்வம், இப்பவாவது அந்த பிராண்ட் பேரைச் சொல்லுவீங்களா?

கொருக்குப்பேட்டை_பாபு (மறுநாள் காலை 8:30)
ஆளு அம்மாவோட சீரியல் பாக்க உக்காந்துட்டான் சாமி, விடு.